‘பாத்துக்கோங்க’ என்றால் யார் பார்ப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 6:40-க்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட செய்தி இது:

> ஜெர்மன் ஆர்டர் பிபி சாம்பிள் நாளைக்குப் போயாகணும். எல்லாரும் கொஞ்சம் சீக்கிரம் பாத்து முடிச்சுடுங்க 🙏

குழுவில் ஒன்பது பேர். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு கட்டைவிரல், இரண்டு ‘ஓகேங்க’, ஒரு கும்பிடு வந்துவிட்டன. வேலையைச் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

பின்னலாடைத் தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு விளக்கம். வெளிநாட்டு பையருக்கு ஆயிரக்கணக்கில் துணி வெட்டுவதற்கு முன்னால், அசல் துணியில், அசல் லேபிள், அசல் பிரிண்ட் எல்லாம் வைத்து இரண்டு மூன்று பீஸ் தைத்து அனுப்ப வேண்டும். அதுதான் பிபி சாம்பிள். பையர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, அளந்து, ‘சரி’ என்று மெயில் போட்டால்தான் கட்டிங் மேசையில் துணி விரியும். அதுவரை மொத்த ஆர்டரும் நிற்கும்.

எங்கள் சாம்பிள் புதன்கிழமை போய்விட்டது. அடுத்த செவ்வாய் பையரிடமிருந்து வந்த மெயில், சாம்பிளை நிராகரித்திருந்தது. சலவைக் குறிப்பு போட்ட கேர் லேபிள் வேறு ஏதோ ஆர்டருடையது. அளவுத்தாள் உள்ளே இல்லை. மறுபடி தைத்து அனுப்பி, ஒப்புதல் வருவதற்குள் 9 நாள் போனது.

யார் தப்பு என்று விசாரிக்க உட்கார்ந்தபோது எனக்கே சங்கடமாகிவிட்டது. சாம்பிள் டெய்லர் சொன்னார்: “சாம்பிள் போகணும்னுதானே போட்டிருந்தீங்க? லேபிள் வரல. இருந்த லேபிளை வச்சு அனுப்பிட்டேன். போயிடுச்சே!” லேபிள் பார்த்துக்கொள்ளும் பையன் பிரிண்டரிடம் பேசியிருக்கிறான், வியாழக்கிழமை தருவதாக அவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. தரம் பார்க்கும் அக்கா, அளவுத்தாளை மெர்ச்சண்டைசிங் பெண் நிரப்பியிருப்பாள் என்று நினைத்தார். அந்தப் பெண்ணோ, அதை அக்கா நிரப்பியிருப்பார் என்று நினைத்திருக்கிறாள். எல்லோரும் என் செய்தியைப் படித்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு விதமாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு, குழுவில் ஒரு வேலையை எழுதினால் அனுப்புவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இதற்கு யார் பொறுப்பு? எந்த நாள், எத்தனை மணி? முடிந்ததும் கையில் என்ன இருக்கும்? இவ்வளவு எளிதா என்று தோன்றும். ஆனால் நாம் பேசும் தமிழ் இந்த மூன்றையும் அழகாக மறைத்துவிடும். அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘ங்க’ யாரைக் குறிக்கிறது?

‘முடிச்சுடுங்க’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும் ‘ங்க’ ஒருவருக்கு மரியாதையாகவும் இருக்கலாம், பல பேரைக் குறிக்கவும் செய்யலாம். நேரில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் குழப்பமில்லை, கண் யாரைப் பார்க்கிறதோ அவர்தான். ஒன்பது பேர் இருக்கும் குழுவில் கண் கிடையாது. ஆகவே படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது பன்மையாகத்தான் தெரியும், ‘மற்றவர்களைச் சொல்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளத் தடையே இல்லை.

‘நாம பண்ணிடலாம்’ இதைவிட மோசம். கேட்க இனிமையாக இருக்கும். எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற ‘நாம’வில் குறிப்பாக யாரும் இல்லை. ‘போயாகணும்’, ‘வந்துடணும்’, ‘ரெடியாகணும்’ வகைக்கு மனிதரே தேவையில்லை. சாம்பிள் தானே எழுந்து கூரியர் வண்டியில் ஏறிக்கொள்ளும் போலிருக்கும்.

பலர் கேட்டால் பொறுப்பு கரைந்துவிடும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஜான் டார்லி, பிப் லடானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1968-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, இண்டர்காம் வழியாகப் பேச வைத்தார்கள். நடுவில் ஒரு குரல், வலிப்பு வந்ததுபோலத் திணறும். தான் ஒருவர் மட்டும்தான் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர், அந்தத் திணறல் ஓய்வதற்குள் உதவி தேடி வெளியே போனார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் போனது 31 சதவீதம். உயிருக்கே ஆபத்து என்று தோன்றும்போதே இப்படி என்றால், கேர் லேபிளுக்காக யார் எழுந்திருப்பார்கள்?

ஆகவே முதல் திருத்தம், பெயர். ஒரு வேலைக்கு ஒரே பெயர். ‘மணிண்ணாவும் கீதாக்காவும் பாத்துக்கோங்க’ என்று இரண்டு பெயர் போட்டால் பழைய கதைதான், கூட்டம் சிறியது என்பது மட்டும்தான் வித்தியாசம். (இந்தக் கட்டுரையில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை.)

இங்கே ஒரு சந்தேகம் வரும். வேலையில் நான்கு பேர் கை வைக்க வேண்டியிருக்கிறதே, ஒரு பெயர் எப்படிப் போடுவது? பொறுப்பாளர் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. ‘இது என்ன ஆச்சு?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மற்ற மூவரிடமும் வேலை நகர்கிறதா என்று பார்ப்பதும், எங்காவது நின்றால் குரல் கொடுப்பதும் அவர் வேலை. யார் செய்வது என்று எனக்கே தெரியாத வேலையும் வரும். அப்போது குழுவில் வேலையைத் தூக்கிப் போடுவதற்குப் பதிலாக, ‘ரம்யா, இதை யார் செய்யலாம்னு பாத்து இன்னிக்குக் காலை 11:00-க்குள் பேர் சொல்லும்மா’ என்று ஒருவரிடம் கேட்பேன். ஆளைத் தேடுவதும் ஒரு வேலைதான், அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

பெயர் போடத் தயங்குவதற்கு நம் ஊரில் வேறொரு காரணம் இருக்கிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவரைக் குழுவில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி வேலை ஏவுவதா? அதனால்தான் ‘எல்லாரும் கொஞ்சம்’ என்று மழுப்புகிறோம். நானும் அப்படித்தான் மழுப்பினேன். மரியாதையைக் குழப்பத்தில் வைக்க வேண்டாம், விளிப்பிலும் வினையிலும் வைக்கலாம். ‘மணிண்ணா, நாளைக்கு 3 மணிக்குள்ள தெச்சுக் குடுத்துருங்க’ என்பதில் அண்ணனும் இருக்கிறார், ‘ங்க’வும் இருக்கிறது, வேலையும் தெளிவு. என் அனுபவத்தில், பெயர் சொல்லிக் கேட்டதற்கு மூத்தவர்கள் கோபித்துக்கொண்டதில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, பிறகு ‘நீங்க ஏன் பண்ணலை?’ என்று கேட்டதற்குக் கோபித்திருக்கிறார்கள். நியாயம்தானே.

நாளைக்கு என்றால் எப்போது?

‘நாளைக்குள் வேண்டும்’ என்றால் நாளை விடிவதற்குள்ளா, நாளை முடிவதற்குள்ளா? எங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன், இரண்டு பதிலும் வந்தது. புதன்கிழமை நின்றுகொண்டு ‘அடுத்த வெள்ளி’ என்றால் சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு ஒன்பது நாள். ‘சாயந்தரம்’ ஆபீஸ் ஆளுக்கு 4 மணி, தையல் பிரிவில் இருப்பவருக்கு ஷிப்ட் முடியும் நேரம். ‘ராத்திரி 12’ எந்தத் தேதியைச் சேர்ந்தது என்று சண்டையே போடலாம்.

இதற்கு மருந்து எளிது. கிழமையும் தேதியும் மணியும் சேர்த்து எழுதுவது. ‘புதன் 12-ம் தேதி, மதியம் 3:00’ என்று. கிழமையும் தேதியும் இரண்டும் எதற்கு என்றால், எழுதுகிறவர் தப்பாக எழுதினால் இரண்டும் ஒட்டாது, படிக்கிறவர் யாராவது ‘12 வியாழன் இல்லீங்களா?’ என்று கேட்டுவிடுவார்.

ஆனால் மணி எழுதுவதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு. மணி எழுத வேண்டுமென்றால் பின்னாலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். என் பழைய செய்தியை அப்படி எண்ணிப் பார்க்கிறேன். கூரியர் வண்டி எங்கள் யூனிட்டுக்கு 5:30-க்கு வரும். பேக் செய்து, பில் போட்டு வைக்க அரைமணி, ஆக 5:00. மூன்று பீஸையும் அளந்து தாளில் எழுத, கொஞ்சம் தாராளமாக, ஒன்றரை மணி நேரம். அப்படியானால் தைத்த பீஸ் 3:30-க்குள் அளக்கும் மேசையில் இருக்க வேண்டும், பாதுகாப்புக்கு 3:00 என்று வைக்கலாம். லேபிள் வைத்துத் தைத்து, நூல் வெட்டி, அயர்ன் போட மூன்று மணி நேரம் விட்டால், லேபிள் மதியம் 12:00-க்குள் வந்திருக்க வேண்டும்.

இப்படி எண்ணியிருந்தால் செவ்வாய் மாலையே என் கண்ணில் பட்டிருக்கும்: இந்த வேலையின் முதல் கெடு புதன் மதியம் 12, அது சாம்பிளுக்கான கெடு அல்ல, லேபிளுக்கானது. ‘நாளைக்கு’ என்ற ஒற்றைச் சொல் அத்தனையையும் மூடி வைத்திருந்தது.

வெளிநாட்டோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. ஜெர்மனி கோடைக்காலத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். அவர்கள் ஊரில் மாலை 5 என்றால் நமக்குக் கோடையில் இரவு 8:30, குளிர்காலத்தில் 9:30. ‘இன்னிக்கு மெயில் போயிடணும்’ என்றால், நம் ஆபீஸ் மூடின பிறகும் அவர்களுக்கு ‘இன்றைக்கு’ மிச்சம் இருக்கிறது. எனவே, மணி எழுதும்போது எந்த ஊர் மணி என்று எழுத வேண்டும். நாங்கள் எப்போதும் நம்ம ஊர் மணியில்தான் எழுதுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

மூன்றில் இதுதான் கடினம். நிறையப் பேர் பெயரும் மணியும் போட்டுவிட்டு இதில் சறுக்குகிறார்கள்.

‘செல்வம், லேப் டிப் விஷயமா டையிங்ல பேசு, இன்னிக்கு 1 மணிக்குள்ள.’ பெயர் இருக்கிறது, மணி இருக்கிறது. 1 மணிக்கு செல்வம் ‘பேசிட்டேண்ணா’ என்கிறான். பொய் சொல்லவில்லை, பேசித்தான் இருக்கிறான். ஆனால் எனக்கு வேண்டியது பேச்சு இல்லை. லேப் டிப் என்பது பையர் கேட்ட நிறத்தில் டையிங் யூனிட் சாயமேற்றிக் காட்டும் சின்னத் துணித்துண்டு. நிறத்தில் சிறிது வித்தியாசத்தோடு ஏ, பி, சி என்று இரண்டு மூன்று அனுப்புவார்கள், பையர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அந்தத் துண்டுகள் என் மேசைக்கு எந்தத் தேதியில் வரும் என்பதுதான் நான் தெரிந்துகொள்ள நினைத்தது. அதை எழுதாமல், அதற்குப் போகும் வழியை மட்டும் எழுதிவிட்டேன்.

பேசுங்க, பாருங்க, கவனிங்க, ஃபாலோ பண்ணுங்க. இந்த நான்கு வினைச்சொல்லும் வந்தால் நான் நிறுத்தி யோசிப்பேன். இவை எல்லாம் செய்துகொண்டே இருக்கலாம், முடிவே கிடையாது. இவற்றை எடுத்துவிட்டு, முடிவில் கையில் இருக்கப் போகும் பொருளை எழுத வேண்டும்: ஒரு தேதி, ஒரு தாள், ஒரு போட்டோ, மேசையில் மூன்று பீஸ். செல்வத்துக்கான செய்தி இப்படி மாறும்:

> செல்வம், நேவி ப்ளூ லேப் டிப் ஏ, பி, சி மூணும் நம்ம கைக்கு என்னைக்கு வரும்னு டையிங் மாஸ்டர்கிட்ட தேதி வாங்கி, இன்னிக்கு மதியம் 1:00-க்குள்ள இங்க எழுது.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்றாவது ஆள் ஒருவர், 1 மணிக்குக் குழுவைத் திறந்து பார்த்து ‘முடிந்தது’ அல்லது ‘முடியவில்லை’ என்று சொல்ல முடியுமா? செல்வம் எழுதிய தேதி குழுவில் இருந்தால் முடிந்தது, இல்லாவிட்டால் இல்லை. ‘நல்லா பேக் பண்ணுங்க’, ‘நீட்டா இருக்கணும்’ இந்தச் சோதனையில் தேறாது. ‘நல்லா’ என்பதை எண்ணாக மாற்ற முடிந்தால் மாற்ற வேண்டும். மார்பு அளவு கொடுத்த அளவிலிருந்து 1 செ.மீ. கூடலாம், குறையலாம் என்று பையரின் அளவுத்தாளிலேயே இருந்தால் அந்த 1 செ.மீ.-யைச் செய்தியிலும் எழுதலாம்.

முடிவைப் போலவே முக்கியமானது, முடியாமல் போனால் என்ன செய்வது என்பதும். எங்கள் சாம்பிளைக் கெடுத்தது லேபிள் வராதது அல்ல. லேபிள் வராமல் போவது இந்த ஊரில் சகஜம். வராவிட்டால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால், டெய்லர் தன் நல்ல மனதோடு பழைய லேபிளை வைத்தார். ஒரே ஒரு வரி, ‘வரலைன்னா பழசை வைக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்க’, 9 நாளைக் காப்பாற்றியிருக்கும்.

அந்தச் செய்தியைத் திரும்ப எழுதுவோம்

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே போய் இப்போது எழுதினால் ஒரு செய்தி போதாது, நான்கு வேண்டும். ஒரே செய்தியில் நான்கு பேருக்கும் பத்தி பத்தியாக எழுதினால் தன் பெயர் வரும் வரிக்கு முன்பே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதோடு, பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ‘ரிப்ளை’ அழுத்திப் பதில் கோக்கவும் முடியாது.

> @செல்வம் ஜெர்மன் ஆர்டர் கேர் லேபிள் 10 பீஸ், நாளை புதன் 12-ம் தேதி மதியம் 12:00-க்குள்ள சாம்பிள் ரூம்ல மணியண்ணன் கையில இருக்கணும். பிரிண்டர் நாளைக்குத் தர முடியாதுன்னா, இன்னிக்கு ராத்திரி 8:00-க்குள்ள எனக்கு போன் பண்ணு.

> @மணி அண்ணா, அதே ஆர்டர் பிபி சாம்பிள், 116 சைஸ் 3 பீஸ். ஒரிஜினல் மெயின் லேபிள், கேர் லேபிள் வச்சுத் தெச்சு, அயர்ன் பண்ணி, நாளை புதன் மதியம் 3:00-க்குள்ள கீதாக்கா மேசைக்குக் குடுத்துருங்க. லேபிள் 12 மணிக்கு செல்வம் தருவான். வரலைன்னா பழசை வைக்க வேண்டாங்க, என்னைக் கூப்பிடுங்க.

> @கீதா அக்கா, மணியண்ணன் தர்ற 3 பீஸையும் அளந்து, பையர் குடுத்த அளவுத்தாளை நிரப்பி, நாளை புதன் 5:00-க்குள்ள ரம்யாகிட்ட குடுத்துருங்க. 2 பீஸ் பையருக்கு, 1 நம்ம ஃபைலுக்கு. எந்த அளவாவது 1 செ.மீ.-க்கு மேல மாறியிருந்தா பேக் பண்ண விட வேண்டாங்க.

> @ரம்யா இந்த சாம்பிள் முழுசுக்கும் நீதான் பொறுப்பும்மா. 2 பீஸும் அளவுத்தாளும் உள்ள இருக்கான்னு பாத்து, நாளை புதன் 5:30 வண்டியில அனுப்பிட்டு, பார்சலை மூடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் கூரியர் பில் போட்டோவும் இங்க போடு.

116 என்பது குழந்தைகள் உடையில் ஐரோப்பியர்கள் போடும் சைஸ், 116 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு என்று பொருள். இது தெரியாத புதுப் பெண்ணாக ரம்யா இருந்தால் அதையும் ஒரு வரி எழுதியிருப்பேன். மணியண்ணனுக்கு எழுதினால் சிரிப்பார். யாருக்கு எவ்வளவு எழுதுவது என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கும் எழுதப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். கவனித்தீர்களானால், ஒவ்வொரு செய்தியிலும் வேலை எங்கிருந்து வருகிறது, யாரிடம் போகிறது என்று கைமாறும் இடம் எழுதியிருக்கிறது. அளவுத்தாள் காணாமல் போனது அப்படி ஒரு கைமாற்றத்தில்தான்.

‘சரி’ என்ற பதிலின் கதை

அனுப்பியாயிற்று. கீழே ‘சரிங்க’ வருகிறது. தமிழில் ‘சரி’ என்றால் ‘காதில் விழுந்தது’ என்றும் பொருள், ‘செய்கிறேன்’ என்றும் பொருள், சில நேரம் ‘இதோட விடுங்க’ என்றும் பொருள். கட்டைவிரலும் அப்படியே. வாட்ஸ்அப் குழுவில் நீல டிக் வருவதும் எல்லோரும் செய்தியைத் திறந்தார்கள் என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

அதனால் நாங்கள் ஒரு சின்ன வழக்கம் வைத்துக்கொண்டோம். பெயர் சொல்லப்பட்டவர், அந்தச் செய்தியைக் கோத்து, மணியையும் பொருளையும் தன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும்: ‘12 மணிக்கு லேபிள் 10, சரிண்ணா.’ செல்வம் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதேபோல ‘ஆச்சு’, ‘போயிடுச்சு’ என்று முடிக்காமல், என்ன கேட்டோமோ அதையே பதிலாகப் போட வேண்டும், போட்டோ கேட்டால் போட்டோ.

கெடு மாறினால் பழைய செய்தியைத் திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்தியதற்கு மற்றவர்களின் போனில் மணி அடிக்காது. ஏற்கெனவே 3:00 என்று படித்தவர் 3:00 என்றே நினைத்துக்கொண்டிருப்பார். பழையதைக் கோத்து, ‘3:00 இல்லைங்க, 2:00’ என்று புதிதாகப் போடுவதுதான் சரி. வாய்ஸ் நோட்டில் வேலை சொல்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: சொல்லுங்கள், தப்பில்லை, கீழேயே பெயர், மணி, பொருள் மூன்றையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். தையல் மிஷின் சத்தத்தில் ‘மூணு பீஸ்’ ‘நூறு பீஸ்’ ஆன கதை எங்களிடம் உண்டு, அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

மேலே இருப்பவர் மழுப்பினால்?

இதுவரை சொன்னதெல்லாம் வேலை சொல்கிறவருக்கு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் பக்கம்தான் இருப்பார்கள். முதலாளி குழுவில் ‘அந்தப் பிரிண்ட் பிரச்சினை என்னாச்சு, சீக்கிரம் முடிங்கப்பா’ என்று போடுகிறார். ‘யாரைச் சொல்றீங்க, எப்போ வேணும், என்ன வேணும்?’ என்று திருப்பிக் கேட்டால் குறுக்கு விசாரணை மாதிரி இருக்கும். கேட்காமல் இருந்தாலும் ஆபத்து. அப்போது நீங்களே திருத்தி எழுதிக் காட்டிவிடலாம்:

> சார், நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு பாருங்க: மார்புல இருக்கற பிரிண்ட் துவைச்சா உரியுது. அந்தத் துணிக்கு வாஷ் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கி, வியாழன் 13-ம் தேதி 4:00-க்குள்ள உங்களுக்கு அனுப்பறேன். வேற பிரிண்டர் தேடறதை நான் இப்ப எடுத்துக்கலைங்க.

கடைசி வரியைக் கவனியுங்கள். எதைச் செய்யப் போகிறேன் என்பதோடு, எதைச் செய்யப் போவதில்லை என்பதையும் சொல்கிறது. முதலாளி மனதில் ‘வேறு பிரிண்டர்’தான் இருந்திருந்தால் உடனே போன் வரும். அவர் ‘ம்’ என்று மட்டும் போட்டாலும் உங்கள் வரியைத்தான் ஏற்றுக்கொள்கிறார். ரம்யா இதைத் தொடங்கிய பிறகு, முதலாளியே அவள் பாணியில் எழுத ஆரம்பித்திருக்கிறார். நான் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘தண்ணி கேன் தீந்துடுச்சு, யாராவது சொல்லிடுங்க’ என்பதற்குப் பெயரும் மணியும் போட்டால் சிரிப்பார்கள். இரண்டு பேர் சொன்னால் கூடுதலாக ஒரு கேன் வரும், அவ்வளவுதான் நஷ்டம். தவறினால் திருத்தப் பணமோ நாளோ ஆகும் வேலைக்குத்தான் இந்தப் பத்து நிமிடம். விடையே தெரியாத வேலையும் இருக்கிறது. துணி ஏன் சுருங்குகிறது என்று யாருக்கும் தெரியாதபோது ‘வெள்ளிக்குள் சரி செய்யவும்’ என்று எழுதினால் அது வெறும் ஆசை. அங்கே கேட்க வேண்டியது தீர்வை அல்ல: ‘வெள்ளி 4:00-க்குள் இதுவரை என்ன சோதித்தோம், என்ன தெரிந்தது, மூன்று வரி.’ கெடுவும் அப்படித்தான். மணியண்ணனிடம் கேட்காமல் நான் போடும் 3:00, அவரிடம் வேறு இரண்டு ஆர்டர் சாம்பிள் இருந்தால் நடக்காது. முடிந்தால் முதலில் போனில் கேட்டுவிட்டு, பேசி முடிவானதைக் குழுவில் எழுதுவேன்.

போன மாதம் வேறொரு ஜெர்மன் ஆர்டர். அதே மாதிரி லேபிள், அதே பிரிண்டர், அதே ‘ராத்திரி 8:00-க்குள்ள போன் பண்ணு’. 7:50-க்கு செல்வத்தின் போன் வந்தது: “அண்ணா, நாளைக்குத் தர மாட்டாராம். வியாழன் காலைல 10 மணிக்குத்தான் தருவாராம்.” கோடைக்காலம், ஜெர்மனியில் மணி 4:20. பையருக்கு மெயில் போட்டேன், சாம்பிள் புதனுக்குப் பதிலாக வியாழன் கிளம்பும் என்று. ஆபீஸை விட்டுக் கிளம்புவதற்குள் பதில் வந்துவிட்டது: ஒரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை, லேபிள் மட்டும் சரியாக இருக்கட்டும். மணியண்ணன், கீதாக்கா, ரம்யா மூவருக்கும் பழைய செய்திகளைக் கோத்து, புதன் என்பதை வியாழன் 20-ம் தேதி என்று மாற்றி அனுப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.